ஒரே பாடவேளையில் இரண்டு வகுப்பில் ஒரு டீச்சர்: மோதலைச் சிவப்பில் காட்டும் கால அட்டவணை

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் இருக்கும் மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. கால அட்டவணைப் பொறுப்பு என்னிடம். மேட்டூர் திறக்கிற ஜூன் 12-க்குள் அட்டவணை சுவரில் ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேச்சு வழக்கு. ஏறிவிடும். ஆனால் முதல் வாரம் முழுக்க, "சார், இப்ப நான் எட்டு 'ஆ'வுக்குப் போறதா, பத்து 'அ'வுக்கா?" என்று யாராவது வராண்டாவில் நின்று கேட்பார்கள். சார்ட் பேப்பர், பென்சில், ரப்பர் வைத்துப் போட்டால் அப்படித்தான். ஒரு கட்டத்தை மாற்றினால் அது எங்கே போய் இடிக்கிறது என்று கண்ணால் தேட வேண்டும்.

இந்த வருடம் அதை கூகுள் ஷீட்ஸில் போட்டு, இடித்தால் தானாகச் சிவப்பாகும்படி செய்தேன். இப்போது ஓடுகிறது. எப்படிக் கட்டினேன், எங்கெங்கே மாட்டியது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் கணக்கு இது. 6 முதல் 10 வரை இரண்டு இரண்டு பிரிவு, 11-க்கும் 12-க்கும் இரண்டு இரண்டு. மொத்தம் 14 பிரிவுகள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டுப் பாடவேளை. ஆக ஒரு பிரிவுக்கு 40 கட்டம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தாளின் வடிவம். சுவரில் ஒட்டுகிற அட்டவணை வகுப்புக்கு ஒன்றாக, நாள்கள் கீழ்நோக்கியும் பாடவேளைகள் குறுக்காகவும் இருக்கும். அதே வடிவத்தில் 14 குட்டி அட்டவணைகளை ஷீட்டில் போட்டால் பார்க்க அழகு. ஆனால் மோதலைக் கண்டுபிடிக்க 14 இடத்தைத் தொட்டு ஒரு ஃபார்முலா எழுத வேண்டும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நீளத் தாளாக்கினேன். A பத்தியில் பிரிவுகளின் பெயர், மேல் வரிசையில் தி1, தி2 என்று தொடங்கி வெ8 வரை 40 பத்திகள். அதாவது B முதல் AO வரை. தாளுக்கு 'வகுப்பு' என்று பெயர். இப்படிப் போட்டால் ஒரு பத்தி என்பது பள்ளியில் ஒரு பாடவேளை. அந்த நாற்பது நிமிடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது மேலிருந்து கீழாகத் தெரியும். ஒரு பத்திக்குள் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அதுதான் மோதல். வேறு எதுவும் தேட வேண்டியதில்லை.

ஃபார்முலா ஒரே வரிதான். B2 முதல் கடைசிக் கட்டம் வரை தேர்வு செய்து, Conditional formatting-இல் Custom formula is என்ற இடத்தில் இதைப் போட வேண்டும்:

```
=AND(B2<>"", COUNTIF(B$2:B$15, B2)>1)
```

டாலர் குறி எண்ணுக்கு முன்னால் மட்டும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்துக்கு முன்னாலும் போட்டு `$B$2:$B$15` என்று எழுதினால், வெள்ளிக்கிழமைக் கட்டம் கூட திங்கள் முதல் பாடவேளையோடு ஒப்பிடப்படும். அப்படி ஆனால் எப்படித் தெரியும் என்றால், திங்கள் முதல் பாடவேளையில் மோதுகிறவர் யாரோ அவர் பெயர் வாரம் முழுக்கச் சிவப்பாக இருக்கும், மற்ற யாருக்கும் எந்த மோதலும் இல்லாதது போல இருக்கும்.

கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்பதில்தான் முதல் சிக்கல் வந்தது. தொடக்கத்தில் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகளை எழுதினோம், சார்ட்டில் வழக்கமாக எழுதுவது போல. நான் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் 6 முதல் 8 வரை போட, உதவித் தலைமை ஆசிரியர் வீட்டிலிருந்து போனில் 9, 10-ஐப் போட்டார். முடித்தபோது சிவப்பு அதிகமில்லை. சந்தோஷப்பட்டோம். பிறகு ஒவ்வொருவருக்கும் வாரத்தில் எத்தனை பாடவேளை என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கணித ஆசிரியைக்கு 28 வர வேண்டிய இடத்தில் 19 தான் வந்தது. அவர் பெயர் 'ஸ்ரீ' என்று தொடங்கும். தாளில் கண்ணால் எண்ணினால் 28 இருக்கிறது, ஃபார்முலா 19 என்கிறது.

முன்னால் பின்னால் வெற்றிடம் இருக்குமோ என்று TRIM போட்டேன், மாறவில்லை. LEN போட்டால் இரண்டு விதக் கட்டத்திலும் 4. ஆனால் `=UNICODE(B4)` என்று முதல் எழுத்தின் எண்ணைக் கேட்டதும் ஒரு கட்டத்தில் 3000, இன்னொன்றில் 2998 என்று வந்தது. விஷயம் இதுதான்: அந்த ஸ்ரீயை யூனிகோடில் இரண்டு விதமாகக் கட்டலாம். ஸ என்ற எழுத்தை வைத்தும் கட்டலாம், ஶ என்ற எழுத்தை வைத்தும் கட்டலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். என் கம்ப்யூட்டர் விசைப்பலகை ஒன்றை அடித்தது, அவர் போன் மற்றதை அடித்தது. COUNTIF-க்கு அவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் செவ்வாய் மூன்றாம் பாடவேளையில் 7 'அ'விலும் 9 'ஆ'விலும் நின்றுகொண்டிருந்தார்கள், சிவப்பே இல்லாமல்.

பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டுக்குப் போனோம். பாடத்தின் எழுத்து, பிறகு எண்: த1, த2, ஆ1, க1, அ1, ச1. மேல்நிலையில் இ1, வே1, உ1, கணினி அறிவியலுக்கு கஅ1. 'ஆசிரியர்' என்ற தாளில் குறியீடு, பெயர், பாடம் மூன்றையும் பட்டியலிட்டு, கட்டங்களுக்கு Data validation வழியாக அந்தப் பட்டியலையே இறங்குபட்டியாகக் கொடுத்தேன். பட்டியலில் இல்லாத எதையும் ஏற்காதே என்று Reject the input தேர்வு செய்ய வேண்டும். எச்சரிக்கை மட்டும் காட்டினால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. இன்னொன்று, ஒரு கட்டத்தை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது Ctrl+Shift+V-தான். வெறும் Ctrl+V போட்டால் நிற விதியும் கூடவே ஒட்டிக்கொண்டு, ஒரே விதி துண்டுதுண்டாகச் சிதறிவிடும்.

அடுத்து 11, 12. எங்கள் 'அ' பிரிவில் உயிரியல் எடுத்தவர்களும் கணினி அறிவியல் எடுத்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் எல்லாம் ஒன்றாக. அந்த ஒரு பாடம் வரும்போது மட்டும் வகுப்பு பிரிந்து, பாதிப் பேர் கணினி ஆய்வகத்துக்குப் போவார்கள். ஆக ஒரு கட்டத்தில் இரண்டு ஆசிரியர்.

`உ1/கஅ1` என்று எழுதிப் பார்த்தேன். COUNTIF முழுக் கட்டத்தையும் ஒப்பிடும் என்பதால் தனியாக இருக்கும் கஅ1-உடன் இது பொருந்தாது, மோதல் தெரியாது. சரி, நட்சத்திரக் குறி போட்டு "எங்கேயாவது இந்தக் குறியீடு இருக்கிறதா" என்று தேடலாம் என்று `"*"&B2&"*"` போட்டேன். உடனே, பத்தியில் கஅ1 இருக்கும் இடத்திலெல்லாம் அறிவியல் டீச்சர் அ1-இன் கட்டமும் சிவப்பாக ஆரம்பித்தது, ஏனென்றால் கஅ1-க்குள் அ1 இருக்கிறது. ஃபார்முலாவை இன்னும் நீட்டி இதைச் சமாளிக்க வழி உண்டு. ஆனால் அடுத்த வருடம் வேறு யாராவது இந்தப் பொறுப்பை எடுத்தால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

கடைசியில் ஃபார்முலாவைத் தொடவே இல்லை, ஒரு வரிசையைச் சேர்த்தேன். 11அ-வுக்குக் கீழே '11அ-2'. வாரம் முழுக்கக் காலியாக இருக்கும். வகுப்பு பிரிகிற பாடவேளையில் மட்டும் மேல் வரிசையில் உ1, கீழ் வரிசையில் கஅ1. ஒரு கட்டத்துக்கு ஒரு ஆள் என்ற விதி உடையவில்லை, அதனால் பழைய ஃபார்முலாவே போதும்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் மொழிப்பாடத்தில். 11 'ஆ' வணிகவியல் பிரிவு. பிள்ளைகள் குறைவு என்பதால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் 'அ' பிரிவோடு சேர்த்து ஒரே அறையில் உட்கார வைக்கிறோம். இரண்டு வரிசையிலும் த1 எழுதினால் ஷீட் சிவப்பாகும், ஆனால் அது மோதல் இல்லை. "இந்தச் சிவப்பு பரவாயில்ல சார், நமக்குத் தெரியும்ல" என்றார் உதவித் தலைமை ஆசிரியர். இரண்டு வகுப்புக்கும் சேர்த்து வாரத்துக்கு இருபதுக்கு மேல் இப்படிப் "பரவாயில்லை" சிவப்பு வந்தால், நடுவில் ஒரு நிஜச் சிவப்பு ஒளிந்துகொள்ளும். பொய்யாகக் கத்துகிற எச்சரிக்கை ஒன்றைக் கூட விட்டுவைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

அதனால் 'ஆ' பிரிவின் கட்டத்தில் ஆசிரியர் குறியீட்டுக்குப் பதில் `உடன்-11அ` என்று எழுதுகிறோம். இதுவும் இறங்குபட்டியில் ஒரு பெயர்தான். த1 பத்தியில் ஒருமுறைதான் வருகிறார், சிவப்பு இல்லை. ஆனால் இதற்கு ஒரு காவல் தேவை. நாளைக்கு யாராவது 11அ-வின் தமிழை வேறு பாடவேளைக்கு நகர்த்திவிட்டு 'உடன்' கட்டத்தை அப்படியே விட்டால், வணிகவியல் பிள்ளைகள் போய் இயற்பியல் வகுப்பில் உட்காருவார்கள். 11அ 12-ஆம் வரிசையிலும் 11ஆ 14-ஆம் வரிசையிலும் இருக்க, 14-ஆம் வரிசைக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு விதி:

```
=AND(B14="உடன்-11அ", B12<>"த1", B12<>"ஆ1")
```

12-ஆம் வகுப்புக்கும் இதே போல ஒன்று.

மாற்றுப் பணியில் வரும் ஆசிரியர் விவகாரம் இதைவிட எளிதாக முடிந்தது. எங்கள் வே1 வாரத்தில் திங்களும் புதனும் வேறு பள்ளியில் இருப்பார். அந்த நாள்களில் அவரை யாரும் போட்டுவிடக் கூடாது. இதற்கு என்ன ஃபார்முலா எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் அப்போது வேறொரு வகுப்பில்தானே இருக்கிறார், அது நம் பள்ளியில் இல்லை, அவ்வளவுதானே என்று தோன்றியது. தாளின் அடியில் 'வெளியே-1' என்று ஒரு பொய் வகுப்பைச் சேர்த்து, தி1 முதல் தி8 வரையும் பு1 முதல் பு8 வரையும் வே1 என்று நிரப்பினேன். அங்கே அவரைப் போட்டால் தானாகச் சிவப்பு. தலைமை ஆசிரியர் கூட்டம், என்.எஸ்.எஸ். பொறுப்பு எல்லாவற்றுக்கும் இந்த வரிசைகளே. அதற்கும் கீழே ஒரு காலி வரிசையை விட்டு, ஃபார்முலாவின் எல்லையை அதுவரை நீட்டினேன். கடைசி வரிசைக்குக் கீழே புதிதாகச் சேர்ப்பது எல்லைக்குள் வராது. நடுவில் செருகினால் எல்லை தானாக நீளும். கடைசியில் விதி `B$2:B$20` என்று நின்றது.

அறைகளுக்கு எல்லா வகுப்பையும் எழுதத் தேவையில்லை. 8அ அவர்கள் அறையில்தான் இருக்கப் போகிறார்கள். பொதுவாகப் புழங்கும் இடங்கள் மட்டும் போதும்: கணினி ஆய்வகம், அறிவியல் ஆய்வகம், மைதானம். 'வகுப்பு' தாளை அப்படியே நகலெடுத்து 'அறை' என்று பெயரிட்டு, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, இறங்குபட்டியை அறைப் பட்டியலுக்கு மாற்றி, அந்தந்தக் கட்டத்தில் இடத்தின் பெயரை மட்டும் எழுதினேன். நிற விதி நகலோடு வந்துவிடுகிறது. 9-ஆம் வகுப்பைக் கணினி ஆய்வகத்துக்குக் கூட்டிப்போகும் பாடவேளையும் 12அ-2-இன் கணினி அறிவியலும் வியாழக்கிழமை இடித்துக்கொண்டது இதில்தான் தெரிந்தது. ஆசிரியர்கள் வேறு வேறு என்பதால் முதல் தாளில் அது மோதலே இல்லை.

மோதல் தெரிந்தால் போதாது, தீர்க்க வேண்டும். இதற்கு 'ஆசிரியர் வாரம்' என்று இன்னொரு தாள். A பத்தியில் குறியீடுகள், மேலே அதே 40 பத்திகள், உள்ளே:

```
=IFERROR(TEXTJOIN(", ",TRUE,FILTER('வகுப்பு'!$A$2:$A$20,'வகுப்பு'!B$2:B$20=$A2)),"")
```

வழக்கமாக இந்த இடத்தில் INDEX, MATCH போடுவார்கள். MATCH முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். இரண்டு வகுப்பு இருந்தாலும் ஒன்றைத்தான் காட்டும், மோதலை மறைத்துவிடும். மேலே உள்ளது '9அ, 10ஆ' என்று இரண்டையும் காட்டும்.

நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புதன் நான்காம் பாடவேளையில் க3 ஒரே நேரத்தில் 9அ-விலும் 10ஆ-விலும். பத்தாம் வகுப்பைத் தொட வேண்டாம் என்று 9அ-வை நகர்த்த முடிவு செய்தோம். ஆசிரியர் வாரத்தில் க3-இன் வரிசையில் காலியாக இருந்தவற்றில் செ6, வி2, வி6 மூன்றும் கைக்கு வந்தன. அந்த மூன்றிலும் 9அ-வில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் முறையே த2, அ2, ச2. இப்போது பு4 பத்தியைப் பார்க்க வேண்டும். த2 அப்போது 7ஆ-வில், அ2 8அ-வில், ச2 காலி. அப்படியானால் 9அ-வின் வரிசைக்குள்ளேயே பு4-ஐயும் வி6-ஐயும் இடம் மாற்றலாம். புதன் நான்காவது சமூக அறிவியல், வியாழன் ஆறாவது கணிதம். சிவப்பு போய்விட்டது.

இதில் நான் விடாமல் பிடிக்கும் ஒரு விதி, மாற்றுவது எப்போதும் ஒரே வகுப்பின் வரிசைக்குள் என்பது. அப்படிச் செய்தால் அந்த வகுப்புக்கு வாரத்தில் கணிதம் எத்தனை, தமிழ் எத்தனை என்ற கணக்கு கலையாது. மோதும் கட்டத்தில் அப்போது காலியாக இருக்கும் வேறொருவரைப் போட்டால் சிவப்பு சீக்கிரம் போகும், ஆனால் 8ஆ-வுக்கு ஏழு கணிதத்துக்குப் பதில் எட்டு வந்திருப்பது ஆகஸ்டில்தான் தெரியவரும். அதற்காகவே 'எண்ணிக்கை' என்று ஒரு தாள் வைத்து, ஒவ்வொரு வகுப்பு வரிசையிலும் ஒவ்வொரு குறியீடும் எத்தனை முறை என்று எண்ணவிட்டேன். மேலே சொன்ன 28-க்கு 19 கூட இதில்தான் பிடிபட்டது. 'வெளியே' வரிசைகளை இந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

ஒரே இடமாற்றத்தில் தீராத மோதலும் உண்டு, பெரும்பாலும் கஅ1 சம்பந்தப்பட்டது. மேல்நிலையின் நான்கு பிரிவுக்கும் கணினி அவர் ஒருவர்தான். அப்போது மூன்று கட்டத்தைச் சுழற்ற வேண்டியிருக்கும், அதில் ஷீட் ஒன்றும் உதவாது. சிவப்பைக் காட்டும், வழியைக் காட்டாது. அதனால் அடுத்த முறை வரிசையை மாற்றிப் போடப் போகிறேன்: முதலில் கஅ1, பிரியும் வகுப்புகள், சேரும் வகுப்புகள், வே1. இவர்களை உட்கார வைத்த பிறகுதான் 6, 7, 8. இந்த முறை ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கியதால் மேல்நிலைக்கு வரும்போது நகர இடமே இல்லை.

செலவு என்று பார்த்தால் பிரின்ட் மட்டும். 40 பத்தியை ஒரே A4-இல் போட்டால் எழுத்து எறும்பு மாதிரி. அதனால் வகுப்புத் தாளை A3-இல், ஆசிரியர்களுக்கு அவரவர் வரிசையை நாள்வாரியாக மடித்து A4-இல் கொடுத்தோம். கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடையில் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது.

லீவு போடுகிறவர்களுக்கு மாற்று ஆள் போடுவதும் 'ஆசிரியர் வாரம்' தாளில்தான் நடக்கிறது. அந்தப் பாடவேளையின் பத்தியில் காலியாக இருப்பவர் யார் என்று பார்த்தால் போதும். ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை விட்டுவிட்டு அதற்கு ஈடாகச் சனிக்கிழமை வைப்பார்கள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை அட்டவணை என்றால் சிக்கலில்லை. திங்கள் அட்டவணை என்றால் வே1 அன்று நம் பள்ளியில் இருப்பாரா, அந்தப் பள்ளியும் சனிக்கிழமை வைத்திருக்கிறதா என்பது 'வெளியே' வரிசைக்குத் தெரியாது. இப்போதைக்கு அவருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறோம்.